86 வீடா, 120 வீடா: கொசுப்புழு சர்வேயை வேலைக்கான கடிதத்தில் எழுதுவது

கேள்வி: பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்திருக்கிறேன், ஊர் தேவகோட்டை. மாவட்டப் பொது சுகாதாரப் பிரிவில் வெக்டார் கண்ட்ரோல் டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ஒரு பக்கத்தில் கவரிங் லெட்டர் கேட்டிருக்கிறார்கள். இறுதியாண்டில், நவம்பர் மாதம், மூன்று தெருக்களில் கொசுப்புழு சர்வே செய்தோம். போனது 120 வீடு, அதில் 34 பூட்டிக் கிடந்தது, 11 வீட்டில் ஏடிஸ் புழு இருந்தது. பார்த்த பாத்திரங்கள் 402, புழு இருந்தவை 15 (சிமெண்ட் தொட்டி 6, அண்டா 4, ஆட்டுரல் 2, ஃப்ரிட்ஜ் ட்ரே 2, டயர் 1). ஹவுஸ் இண்டெக்ஸ் 9.2 என்று ப்ராஜெக்ட்டில் போட்டிருக்கிறேன். மருந்து கலந்த அனுபவமோ அடித்த அனுபவமோ இல்லை. நான் எழுதிப் பார்த்த கடிதம் "டெங்கு ஒழிப்பில் மிகுந்த ஆர்வம் உண்டு, கடினமாக உழைப்பேன்" என்பதைத் தாண்ட மறுக்கிறது. எப்படி எழுதுவது?

பதில்:

கடிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அந்த 9.2-ஐத் திருத்துங்கள். அது 11-ஐ 120-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கி வந்த எண். ஹவுஸ் இண்டெக்ஸுக்குக் கீழே வர வேண்டியது உள்ளே போய்ப் பார்த்த வீடுகளின் எண்ணிக்கை. கதவைத் தட்டிய வீடுகளின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் பார்த்தது 86 வீடு. 11-ஐ 86-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 12.8 வருகிறது.

9.2-க்கும் 12.8-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். 120-ஐக் கீழே போட்ட அந்த நொடியில், பூட்டிக் கிடந்த 34 வீடுகளிலும் ஒரு புழுகூட இல்லை என்று நீங்கள் சான்றிதழ் கொடுத்துவிட்டீர்கள். பார்க்காத வீட்டுக்குச் சான்றிதழ். வேறு ஊரில் இது சின்னப் பிழையாகப் போயிருக்கும். நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் பூட்டிய வீடு என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். வேலைக்குப் போய் சாயங்காலம் திரும்பி வரும் வீடுகள் சில. கல்யாணம், படைப்பு என்று வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கும் வீடுகள் பல. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவின் நடுமுற்றத்தில்தான் இறங்கும். முற்றத்துத் தூம்பில் சருகு அடைத்தால் தண்ணீர் அங்கேயே நிற்கும். கூரை ஓரத்தில் வைத்த அண்டாவை யாரும் கவிழ்த்து வைக்காமல் போயிருந்தால் ஐப்பசி மழைக்கு அது நிறைந்து, மார்கழி வரை அப்படியே இருக்கும். அந்த 34-இல் பாதி வீட்டில் புழு இருந்ததாக வைத்துக்கொண்டால் மொத்தம் 28 வீடு. 120-க்குக் கணக்கிட்டால் 23-க்கு மேல் போகிறது. அப்படித்தான் இருந்தது என்று சொல்லவில்லை. உங்கள் சர்வேயில் மிகப் பெரிய தெரியாத பகுதி அதுதான் என்கிறேன். அதை மறைக்காமல் எழுதினால் கடிதத்தின் பலமே அதுவாகிவிடும்.

காரணம் இதுதான். இந்தக் கடிதத்தைப் படிப்பவர் பொதுவான மனிதவள அதிகாரியாக இருக்க வாய்ப்பு குறைவு. மாவட்ட அளவில் இந்த வேலையை நடத்துபவர்கள் மாவட்ட மலேரியா அலுவலர், பூச்சியியல் வல்லுநர், சுகாதார ஆய்வாளர் போன்றவர்கள். அவர்கள் மேஜைக்கு அன்றாடம் வருவதே இந்த எண்கள்தான். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் தெருவாரியாகப் பார்த்த வீடு, பூட்டிய வீடு, புழு இருந்த வீடு என்று எழுதிக் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்து, எந்தத் தெருவுக்கு நாளைக்கு ஆள் அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். அதில் பூட்டிய வீட்டைப் பார்த்த வீடாகக் காட்டுவது எவ்வளவு சுலபம் என்று அவர்களுக்குத் தெரியும். "86 வீடுகள் பார்த்தோம், 34 பூட்டியிருந்தன, அவற்றின் நிலை தெரியாது" என்று தானாக எழுதும் ஒருவரை அவர்கள் கவனிக்காமல் விட மாட்டார்கள். ஆர்வம், கடின உழைப்பு என்ற சொற்கள் மற்ற எல்லாக் கடிதங்களிலும் இருக்கும்.

ப்ராஜெக்ட் அறிக்கையில் 9.2 அச்சாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். கடிதத்தில் சரியான எண்ணைப் போடுங்கள். நேர்முகத்தில் அறிக்கையைப் புரட்டி யாராவது கேட்டால், "பூட்டிய வீடுகளையும் சேர்த்து வகுத்துவிட்டோம், பிறகு திருத்தினேன்" என்று இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அறிக்கையும் கடிதமும் பொருந்த வேண்டுமே என்று தவறான எண்ணைத் திரும்ப எழுதினால் பிறகு தப்பிக்க வழி கிடையாது.

இனி மற்ற இரண்டு இண்டெக்ஸ்கள். ப்ரெட்டோ இண்டெக்ஸ் என்பது பார்த்த 100 வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது. 15-ஐ 86-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 17.4. இதில் குழப்பம் இல்லை. கன்டெய்னர் இண்டெக்ஸில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. 15-ஐ 402-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 3.7 வரும். அந்த 402-உம் தண்ணீர் இருந்த பாத்திரங்கள்தானா? கவிழ்த்து வைத்த குடம், காய்ந்து கிடந்த டயர், வெறும் சிரட்டை எல்லாம் சேர்ந்த எண்ணிக்கையா? இந்த இண்டெக்ஸுக்குத் தண்ணீர் இருந்தவை மட்டும்தான் கணக்கு. வறண்டவற்றைச் சேர்த்தால் எண் செயற்கையாகக் குறைந்துவிடும். சர்வே நோட்டை எடுத்துப் பாருங்கள். "ஈரம், வறண்டது" என்று தனித்தனியாகக் குறித்திருந்தால் பிரித்து எழுதுங்கள். குறிக்கவில்லை என்றால் கன்டெய்னர் இண்டெக்ஸைக் கடிதத்தில் போடவே வேண்டாம். மற்ற இரண்டே போதும். 402 என்ற எண்ணையும் விட்டுவிடுங்கள். கேட்டால் விளக்க முடியாத எண் கடிதத்தில் இருக்கக் கூடாது.

ஹவுஸ் இண்டெக்ஸ் 5-க்கு மேல், ப்ரெட்டோ 20-க்கு மேல் போனால் டெங்கு ஆபத்து என்று பாடப் புத்தகங்களில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டைக் கடிதத்தில் இழுக்காதீர்கள். மூன்று தெரு, ஒரே மாதம், 86 வீடு என்பதை வைத்துக்கொண்டு "எனவே தேவகோட்டையில் டெங்கு பரவும் அபாயம் உள்ளது" என்று எழுதினால், களத்தில் இருப்பவருக்கு அது கல்லூரி மேடைப் பேச்சாகத்தான் கேட்கும். புழுவின் எண்ணிக்கை கொசு வளர இடம் இருப்பதைச் சொல்கிறது. வைரஸ் அந்தத் தெருவில் இருக்கிறதா, மக்களுக்கு ஏற்கெனவே எந்த வகை டெங்கு வந்து போயிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியாது.

உங்கள் எண்களில் கடிதத்துக்கு மிகவும் பயன்படப் போவது உண்மையில் அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான். சிமெண்ட் தொட்டி 6, அண்டா 4. பதினைந்தில் பத்து, வீட்டுக்காரர்கள் வேண்டுமென்றே தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரங்கள். தூக்கி எறியும் குப்பை ஒரே ஒரு டயர். ஆக, டயரும் சிரட்டையும் பொறுக்கும் துப்புரவு முகாம் ஒன்று நடத்தினால் அந்தத் தெருக்களில் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை. தொட்டிக்கு மூடி, வாரம் ஒரு முறை கொட்டித் தேய்ப்பது, அதற்கு வழியில்லாத பெரிய தொட்டிக்குப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து என்றுதான் போக வேண்டும். சேகரித்த எண்ணிலிருந்து அடுத்து என்ன செய்வது என்று ஒரு படி போய்ச் சொல்வதுதான் டெக்னீஷியனின் வேலை. இந்த ஒரு வாக்கியம் கடிதத்தில் இருந்தால் மதிப்பெண் சதவீதத்தைவிட அதிகம் பேசும்.

"கொட்டித் தேய்ப்பது" என்று எழுதுங்கள். "சுத்தம் செய்வது" என்று எழுத வேண்டாம். ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் முட்டை நனைந்து பொரிந்துவிடும். உட்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்துத் தேய்த்தால்தான் போகும். முட்டையிலிருந்து கொசுவாக நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒரு முறை என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். இது தெரிந்தவர் எழுதும் வாக்கியமும் தெரியாதவர் எழுதும் வாக்கியமும் ஒரு சொல்லில் பிரிந்துவிடும்.

அடுத்து, "ஏடிஸ் புழு" என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? கடிதத்தில் கட்டாயம் வர வேண்டியது இது. விலங்கியல் படித்ததன் பயன் இங்கேதான் நேராகத் தெரியும். டார்ச் அடித்துப் பார்க்கும்போதே பேரினத்தைப் பெரும்பாலும் பிரித்துவிடலாம். அனாபிலிஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் கிடையாது, நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருக்கும். கியூலெக்ஸுக்கு நீண்ட மெல்லிய குழல், தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். ஏடிஸுக்குக் குட்டையான தடித்த குழல், நிழல் பட்டதும் பாம்பு மாதிரி நெளிந்து அடிக்குப் போய்விடும், மேலே வர நேரம் எடுக்கும். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்ததும் "ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுவது இதில்தான். ஒரு நிமிடமாவது நிழல் விழாமல் காத்திருக்க வேண்டும்.

ஆனால் ஏடிஸ் என்பதற்கும் ஏடிஸ் எஜிப்டை என்பதற்கும் நடுவே ஒரு நுண்ணோக்கி நிற்கிறது. நான்காம் நிலைப் புழுவின் எட்டாவது வயிற்றுக் கண்டத்தில் சீப்புப் பற்கள் ஒரே வரிசையில் இருக்கும். எஜிப்டையில் ஒவ்வொரு பல்லிலும் நடு முள்ளின் அடியில் பக்க முட்கள் தெளிவாகத் தெரியும். இன்னொரு ஏடிஸ் இனமான அல்போபிக்டஸில் நடு முள் மட்டும் தனியாக நிற்கும். இல்லாவிட்டால் வலை கட்டிய பாட்டிலில் வளர்த்து, வெளிவந்த கொசுவின் மார்பு முதுகைப் பார்த்திருக்க வேண்டும்: எஜிப்டைக்கு யாழ் வடிவ வெள்ளைக் கோடு, அல்போபிக்டஸுக்கு நடுவில் ஒற்றைக் கோடு. இந்த இரண்டில் எதைச் செய்தீர்களோ அதை எழுதுங்கள். இரண்டும் செய்யவில்லை என்றால் "ஏடிஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இனத்தின் பெயரைச் சும்மா சேர்த்தால் நேர்முகத்தில் வரும் முதல் கேள்வியே "எப்படிப் பிரித்தீர்கள்" என்பதாக இருக்கும். அந்த மேஜையில் ஒரு ஸ்லைடும் காத்திருக்கலாம்.

மருந்து அனுபவம் இல்லாததை ஒளிக்க வேண்டாம், அதற்காக மன்னிப்பும் கேட்க வேண்டாம். புதிதாக வருபவர் மருந்து அடித்திருப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கணக்கு வருமா, மருந்தின் எல்லை தெரியுமா என்பதைத்தான் பார்ப்பார்கள். அபேட் என்று நாம் சொல்லும் டெமிஃபாஸ் 50 சதவீதத் திரவம். வீட்டுத் தண்ணீரில் இருக்க வேண்டிய அளவு 1 பிபிஎம், அதாவது 1,000 லிட்டருக்கு 1 கிராம் மருந்து. 10 லிட்டர் தண்ணீரில் 20 மில்லி அபேட் கலந்தால் அதில் மருந்து 10 கிராம். ஒரு லிட்டர் கரைசலில் 1 கிராம். ஆகவே 1,000 லிட்டர் தொட்டிக்குக் கரைசல் 1 லிட்டர், 1 லிட்டர் தண்ணீருக்குக் கரைசல் 1 மில்லி. மனதில் நிற்கும் கணக்கு.

உங்கள் தெருக்களில் பார்த்த மாதிரித் தொட்டி ஒன்றில் போட்டுப் பார்ப்போம். 4 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் 30 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். தொட்டி ஏறக்குறைய 850 லிட்டர், கரைசல் 850 மில்லி. தொட்டி பாதிதான் நிறைந்திருந்தாலும் முழுக் கொள்ளளவுக்கே ஊற்ற வேண்டும். மறுநாள் குழாயில் தண்ணீர் வந்து நிரம்பினால் மருந்து பாதியாக நீர்த்துவிடும். புதியவர்கள் செய்யும் தவறு இரண்டு. கரைசலுக்கும் டப்பாவில் இருக்கும் மருந்துக்கும் வித்தியாசம் மறந்து மூல மருந்தையே 850 மில்லி என்று அளப்பது ஒன்று. கூட்டுப்புழு நெளியும் தொட்டியில் அபேட் ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நடப்பது இன்னொன்று. கூட்டுப்புழு எதையும் உண்பதில்லை, அபேட்டுக்கு அது அநேகமாக அசைந்து கொடுக்காது. இரண்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அந்தத் தொட்டியைக் கொட்ட வேண்டும், முடியாவிட்டால் துணியால் வடிகட்ட வேண்டும். இவ்வளவையும் கடிதத்தில் எழுத இடமில்லை. "கலக்கும் கணக்கும், கூட்டுப்புழுவிடம் அது பயன்படாது என்பதும் தெரியும்" என்று ஒரு வரி போதும். மீதியை நேர்முகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புகை மருந்தைப் பற்றி உற்சாகமாக ஒரு வரி சேர்க்கும் ஆசை பலருக்கும் வரும். வேண்டாம். புகை பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும்; தொட்டியில் இருக்கும் புழு சில நாளில் அந்த எண்ணிக்கையை ஈடுகட்டிவிடும். நோயாளி கண்டறியப்பட்ட வீட்டைச் சுற்றி உடனடியாகச் செய்யும் வேலை அது. "புகை அடித்து டெங்குவை ஒழிப்பேன்" என்ற வாக்கியத்தைத் துறையில் உள்ளவர் படித்தால் உதட்டோரம் சிரிப்பார்.

உள்ளூர் அறிவுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், சின்னதாக. செட்டிநாட்டில் எங்கெங்கே தண்ணீர் நிற்கும் என்பது வெளியூரிலிருந்து வருபவருக்குப் பிடிபட ஒரு மழைக்காலம் ஆகும். ஆத்தங்குடியில் பூக்கல் போடும் பட்டறைகளில் கல்லை நாள்கணக்கில் ஊற வைக்கும் தொட்டிகள் உண்டு. தொட்டி முழுவதும் கல் அடுக்கியிருக்கும், மேலே தண்ணீர், நிழலான கொட்டகை. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளின் வாசலிலும் பின்கட்டிலும் எனாமல் சட்டியும் உரலும் ஆட்டுக்கல்லும் வானம் பார்த்துக் கிடக்கும். விற்கப் போகும் பொருளை "தூக்கி எறியுங்கள்" என்று சொல்ல முடியாது. கவிழ்த்து வைக்கச் சொல்லலாம், ஆட்டுக்கல் குழியில் மணல் போட்டு நிரப்பலாம். வீட்டு சர்வே இவற்றைத் தொடுவதில்லை, ஏனென்றால் அவை வீடு அல்ல. இதில் நீங்கள் நேரில் பார்த்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். பூட்டிய வீட்டுக்கு உங்களிடம் என்ன வழி இருக்கிறது என்பதையும் சேருங்கள். நம் ஊரில் அது அநேகமாகச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விதான். வீட்டைப் பார்த்துக்கொள்பவர், எதிர்வீட்டு ஆச்சி, கோயில் கணக்குப் பார்ப்பவர் என்று யாரிடமாவது இருக்கும். தெருவாரியாகச் சாவிக்காரர் பட்டியல் ஒன்று எடுத்தால் அந்த 34-இல் கணிசமான வீடுகளைத் திறக்கலாம்.

இவற்றையெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடக்கினால் கடிதம் ஏறக்குறைய இப்படி வரும். நீங்கள் செய்யாத எதுவும் இதில் இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அனுப்புநர்
(பெயர், முகவரி, கைபேசி எண்)

பெறுநர்
(அறிவிப்பில் உள்ள பதவிப் பெயரும் முகவரியும் அப்படியே)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: வெக்டார் கண்ட்ரோல் டெக்னீஷியன் பணி – விண்ணப்பம் அனுப்புதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அறிவிப்பு எண் (...), நாள் (...).

பார்வையில் கண்ட அறிவிப்பின்படி மேற்கண்ட பணிக்கு விண்ணப்பிக்கிறேன். விலங்கியலில் இளநிலைப் பட்டம் பெற்றுள்ளேன். தேவகோட்டையைச் சேர்ந்தவன், இப்பகுதித் தெருக்களில் கொசுப்புழுக் கணக்கெடுப்பு செய்த அனுபவம் உண்டு.

இறுதியாண்டு ஆய்வுக்காக நவம்பர் மாதத்தில் மூன்று தெருக்களில் 120 வீடுகளுக்குச் சென்றோம். 34 வீடுகள் பூட்டியிருந்தன. உள்ளே சென்று பார்த்த 86 வீடுகளில் 11-இல் ஏடிஸ் புழுக்கள் இருந்தன (ஹவுஸ் இண்டெக்ஸ் 12.8, ப்ரெட்டோ இண்டெக்ஸ் 17.4). நான்காம் நிலைப் புழுக்களைக் கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்து, சீப்புப் பற்களின் அமைப்பைக் கொண்டு ஏடிஸ் எஜிப்டை என உறுதி செய்தோம். கூட்டுப்புழுக்களைத் தனியாக எண்ணவில்லை. பூட்டிய வீடுகளின் நிலை தெரியாததால், இந்த எண்கள் பார்த்த வீடுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

புழு இருந்த 15 பாத்திரங்களில் 10, சிமெண்ட் தொட்டிகளும் அண்டாக்களும். எனவே அத்தெருக்களில் பழைய பொருள்களை அகற்றுவதைவிட, தொட்டிகளை மூடுவதும் வாரம் ஒருமுறை கொட்டி உட்சுவரைத் தேய்ப்பதும் முதலில் செய்ய வேண்டியவை என்பது எங்கள் முடிவு.

மருந்து கலந்து தெளித்த அனுபவம் எனக்கு இல்லை. அபேட் 1 பிபிஎம் அளவுக்குக் கலக்கும் கணக்கும், தொட்டியின் கொள்ளளவை அளக்கும் முறையும், கூட்டுப்புழுக்களிடம் அது பயன்படாது என்பதும் அறிவேன். தெளிப்பான், பாதுகாப்பு உடை ஆகியவற்றைக் கையாளத் தங்கள் பிரிவில் அளிக்கும் பயிற்சியைப் பெறத் தயாராக உள்ளேன்.

இப்பகுதியில் நீண்ட நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அதிகம். சாவி வைத்திருப்போரைத் தெருவாரியாகப் பட்டியலிட்டு, விடுமுறை நாள்களிலும் விழா நாள்களிலும் மறுமுறை சென்று பார்க்க இயலும். இருசக்கர வாகன உரிமம் உள்ளது. அதிகாலை, மாலை நேரப் பணிக்கும் கிராமப் பகுதிப் பணிக்கும் தடை இல்லை.

சான்றிதழ்களின் நகல்களும் ஆய்வறிக்கையின் சுருக்கமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
இடம், நாள்

"தேவகோட்டையைச் சேர்ந்தவன்" என்பதைப் பெண்ணாக இருந்தால் "சேர்ந்தவள்" என்று மாற்றுவது மட்டும் போதாது. கடிதம் முழுக்க ஒரே நடையா என்று பாருங்கள். "செய்தோம்" என்று இருப்பது வேண்டுமென்றே. குழுவாகச் செய்த வேலையை "செய்தேன்" என்று எழுதினால், அதே கல்லூரியிலிருந்து உங்கள் குழுவில் இருந்த இன்னொருவரும் அதே எண்களோடு "செய்தேன்" என்று விண்ணப்பித்திருக்கக்கூடும். இரண்டு கடிதமும் ஒரே கட்டுக்குள் இருக்கும். உங்கள் பங்கு தனியாக இருந்தால், உதாரணத்துக்கு நுண்ணோக்கி வேலை முழுக்க நீங்கள்தான் பார்த்தீர்கள் என்றால், அந்த வாக்கியத்தை மட்டும் "உறுதி செய்தேன்" என்று மாற்றுங்கள்.

தமிழிலா ஆங்கிலத்திலா என்பதை அறிவிப்பின் மொழியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பதவியின் பெயரை மட்டும் நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள்; அறிவிப்பில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே பொருள் வரியிலும் தபால் உறையின் மேலும் எழுதுங்கள். ஒரே அறிவிப்பில் நாலைந்து பதவிகள் வரும்போது, உறையைப் பிரிக்காமலே கட்டுக் கட்டாகப் பிரித்துப் போடுவது அந்த ஒரு வரியை வைத்துத்தான்.

குடும்ப நிலை, வறுமை, "வாய்ப்பளித்தால் நன்றியுடன் இருப்பேன்" போன்றவை வேண்டாம். இனச்சுழற்சி, வயது, முன்னுரிமை எல்லாம் விண்ணப்பப் படிவத்தில் அதற்கான கட்டங்களில் போகட்டும், கடிதத்தில் இடத்தை அடைக்க வேண்டாம். ஆய்வறிக்கைச் சுருக்கம் இணைப்பதாக எழுதினால், அதில் 9.2 இருக்கும் அட்டவணையைத் திருத்தி, கீழே "பூட்டிய 34 வீடுகள் நீக்கித் திருத்தப்பட்டது" என்று ஒரு குறிப்புப் போட்டு இணையுங்கள். சர்வே நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மழையில் நனைந்து மை கலங்கிய பக்கம் இருந்தாலும் பரவாயில்லை, படி எடுத்து எழுத வேண்டாம். அந்த மூல நோட்டைத்தான் கேட்பார்கள்.